நாலு மணிக்குப் பூசிய சன்ஸ்க்ரீன்: ஒரு லேபிளைத் தமிழில் எழுதிக் கொடுத்த விவரம்

மருந்து, களிம்பு லேபிள்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் மும்பையில் எனக்குச் சோறு போடுகிற வேலை. கம்பெனிக்குச் செய்வது போக, தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்று கேட்பதும் உண்டு. அப்படி வந்த ஒன்றைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன். இந்த வீட்டில் லேபிளை ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்த ஆள் இருந்தார், படித்தும் சொன்னார், தினமும் பூசவும் செய்தார்கள். ஆனாலும் க்ரீம் பூசாதது மாதிரியேதான் இருந்தது.

அந்த வீட்டு அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், தாராவியில் குடியிருப்பு, மாட்டுங்காவில் பூ விற்கிறார். இரண்டு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலேயும் மங்கு என்கிற கறுந்திட்டு. ஒரு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டியபோது, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சன்ஸ்க்ரீன் பூசுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சன்ஸ்க்ரீன் வாங்கினார்கள். காலேஜில் படிக்கிற மகள் அட்டையைப் படித்து அம்மாவுக்கு எப்படிப் பூசுவது என்று சொல்லிக் கொடுத்தார். சில மாதம் கழித்துப் பார்த்தால் மங்கு குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது. "டெய்லி பூசுறாங்க அண்ணா, ஒருநாள்கூட விடல. அம்மாவே படிச்சுக்கிற மாதிரி தமிழ்ல எழுதித் தாங்க, நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க" என்று மகள் போட்டோவோடு செய்தி அனுப்பியிருந்தார்.

முதலில் போட்டோ. ட்யூபை எடுப்பதில் எல்லோருக்கும் வருகிற தொல்லைதான். ட்யூப் உருண்டை, எழுத்து பொடி, ஃபிளாஷ் போட்டால் பளபளப்பில் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்து அதற்குக் கீழே இருக்கிற எழுத்து காணாமல் போகிறது. இதில் அந்த வெள்ளைக்கோடு சரியாகப் பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. இரண்டு கூட்டல் குறி தெரிந்தது. மூன்றாவது ஒன்று இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பின்பக்கத்திலோ எச்சரிக்கை வரிகள் வளைவில் போய் முடிந்திருந்தன, ஒவ்வொரு வரியிலும் முதல் ஒன்றிரண்டு வார்த்தை இல்லை. எச்சரிக்கை வரிகளில் முதல் வார்த்தை போனால் மீதியை வைத்து ஊகிக்கக் கூடாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் "வேண்டாம்" என்பது வரியின் தலையில்தான் உட்கார்ந்திருக்கும். அது வெட்டுப்பட்டால் "புண் உள்ள தோலில் பூசவும்" என்று நேர்மாறாகவே படிக்க முடியும்.

அதனால் மறுபடி எடுக்கச் சொன்னேன். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், ட்யூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மூன்று போட்டோ, ஒவ்வொன்றிலும் முந்தைய போட்டோவின் கடைசி வார்த்தைகள் சிலது திரும்ப வரட்டும், அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்காது. ட்யூபின் அடியில் தட்டையாக மடித்து ஒட்டிய இடத்தில் மையில்லாமல் அழுத்திப் பதித்திருக்கும் எண்களுக்கு நேர்வெளிச்சம் உதவாது, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் பள்ளத்தில் நிழல் விழுந்து எண் தெரியும். இரண்டாவது முறை வந்த படங்களில் எல்லாம் கிடைத்தது. பிஏ+++, மூன்று கூட்டல். தயாரித்த மாதம், பேட்ச் எண், தயாரித்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்ற வரி. கணக்குப் போட்டால் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது, எனவே பழசாகிப் போனதால் வேலை செய்யவில்லை என்ற சந்தேகத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

முன்பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: எஸ்பிஎஃப் 50, பிஏ+++, பிராட் ஸ்பெக்ட்ரம், 80 நிமிடம் தண்ணீரைத் தாங்கும், 50 கிராம். மகள் அம்மாவுக்குச் சொன்னது, "இது அம்பது, நல்ல ஸ்ட்ராங்கு, ஒருதடவை பூசினா போதும்." எதை வைத்து ஒருதடவை என்று கேட்டேன். வெயிலில் சாதாரணமாக 10 நிமிடத்தில் தோல் எரிய ஆரம்பிக்கும், அதை ஐம்பதால் பெருக்கினால் 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் என்று எங்கேயோ பார்த்திருக்கிறார். இந்தக் கணக்கு ரொம்பப் பரவிக் கிடக்கிறது. காலை ஏழு மணி வெயிலும் மதியம் பன்னிரண்டு மணி வெயிலும் ஒன்றில்லை என்பதை யோசித்தாலே இது நிற்காது. அந்த 50 சொல்வது நேரத்தை இல்லை, தோல் சிவக்க வேண்டுமானால் எவ்வளவு புறஊதாக் கதிர் படவேண்டும் என்ற அளவை. க்ரீம் இல்லாத தோலோடு ஒப்பிட்டால் ஐம்பது மடங்கு படவேண்டும், அதுவும் சோதனைச்சாலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கனமாகப் பூசிவிட்டு, வியர்க்காமல் துடைக்காமல் இருக்கும்போது.

இன்னொரு விஷயம், சிவப்பது என்பது பெரும்பாலும் புறஊதாக் கதிரில் யுவிபி என்கிற வகையின் வேலை. அக்காவுக்குச் சிவப்பது பிரச்சினையே இல்லை, கறுப்பதுதான் பிரச்சினை. அதில் யுவிஏ என்கிற இன்னொரு வகைக்கும் பெரிய பங்கு உண்டு, அதைப் பற்றிப் பேசுவது பக்கத்தில் இருக்கிற பிஏ. ஜப்பானில் 1996-ல் வந்த முறை இது. யுவிஏ பட்டுத் தோல் கறுத்து அந்தக் கறுப்பு தங்குவதற்கு எவ்வளவு கதிர் வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மடங்கிலிருந்து நாலு மடங்குக்குள் என்றால் ஒரு கூட்டல், எட்டு வரைக்கும் இரண்டு, பதினாறு வரைக்கும் மூன்று, அதற்கு மேல் போனால் நாலு. ஆக ஒரு கூட்டல் குறி போட்டோவில் மறைந்தால் பாதுகாப்பு ஏறக்குறைய பாதியாகத் தெரியும். மங்குக்காக வாங்குகிறவர்கள் பெரிய எழுத்தில் இருக்கிற 50-ஐ மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கூட்டல்களைப் பார்க்காமல் வாங்கினால், தனக்கு முக்கியமாக வேண்டியதை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் பார்த்த மாதிரிதான்.

நான் தமிழில் எழுதியபோது எஸ்பிஎஃப், பிஏ இரண்டையும் அப்படியே வைத்தேன். கடையில் போய்க் கேட்கும்போது அக்கா அந்த எழுத்துகளைத்தான் சொல்லவேண்டும், "சூரியப் பாதுகாப்புக் காரணி" என்று சொன்னால் மாட்டுங்கா மெடிக்கலில் யாருக்குப் புரியும்? அர்த்தத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். பிராட் ஸ்பெக்ட்ரம் என்பதை "யுவிஏ, யுவிபி இரண்டு கதிரையும் தடுக்கும்" என்று எழுதினேன். 80 நிமிடம் தண்ணீரைத் தாங்கும் என்பதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. இந்த வரி சொல்வது, க்ரீம் பூசிய தோலை 20 நிமிடம் 20 நிமிடமாக மொத்தம் 80 நிமிடம் தண்ணீரில் வைத்துப் பார்த்தபின்னும் அட்டையில் சொன்ன பாதுகாப்பு நிற்கிறது என்பதை. தண்ணீர் பட்டாலும் போகாது என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்காவில் வாட்டர்ப்ரூஃப் என்று சன்ஸ்க்ரீனில் போடக்கூடாது என்று 2011-லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் நம் ஊரில் பேச்சில் எல்லாமே வாட்டர்ப்ரூஃப்தான். எனவே "தண்ணீரில் நனைந்தாலோ வியர்த்தாலோ 80 நிமிடம் வரை தாங்கும், அப்புறம் மறுபடி பூசவேண்டும்" என்று இரண்டு பாதியையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிட்டேன், பிரித்தால் இரண்டாம் பாதி படிக்கப்படாது.

இப்போது உபயோகிக்கும் முறை. கேஸ் திரும்புகிற இடம் இதுதான். அட்டையில் இருந்ததைத் தமிழில் சொன்னால்: வெயில் படுவதற்கு 20 நிமிடம் முன்பு முகம், கழுத்து, திறந்திருக்கும் இடங்களில் தாராளமாகவும் சீராகவும் பூசவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவும், வியர்த்தாலோ நீந்தினாலோ துண்டால் துடைத்தாலோ உடனே மறுபடி பூசவும். மகள் இதைச் சுருக்கி "வெளிய கிளம்புறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி பூசிக்கோ" என்று சொல்லியிருக்கிறார். ஆபீஸ் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அக்கா எப்போது கிளம்புவார் என்று கேட்டேன்.

தாதர் பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால்தான் நல்ல பூ கிடைக்கும். அக்கா நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர். அப்படியென்றால் சன்ஸ்க்ரீன் பூசுவது மூன்றே முக்கால் வாக்கில், நல்ல இருட்டில். அப்புறம் தாதரில் கூட்டத்தில் நெரிந்து, கூடையைச் சுமந்து, ரயிலோ டாக்ஸியோ ஏறி மாட்டுங்கா வந்து உட்காரும்போது ஆறரை. பூவுக்குத் தண்ணீர் தெளிப்பார், அந்தக் கையாலேயே நெற்றியைத் தடவுவார், முந்தானையால் முகத்தைத் துடைப்பார். மும்பையின் புழுக்கத்தில் இதை எத்தனை தடவை செய்வார் என்று யாருக்குத் தெரியும்? வெயில் உறைக்க ஆரம்பிக்கிற ஒன்பது மணிக்கு அவர் முகத்தில் சன்ஸ்க்ரீன் என்று சொல்ல எதுவும் இருக்காது. அதிலிருந்து கடையை எடுத்து வைக்கிற ஒரு மணி வரை, நாளின் கடுமையான வெயிலில் பெரும்பகுதி வெறும் முகத்தில்.

ஆகவே தமிழில் "வெளியே கிளம்புமுன்" என்று எழுதவில்லை, "முகத்தில் வெயில் விழ ஆரம்பிப்பதற்கு 20 நிமிடம் முன்பு" என்று எழுதினேன். அட்டை சொல்வதும் அதைத்தான். துண்டால் துடைத்தால் என்ற இடத்தில் "துண்டாலோ முந்தானையாலோ முகத்தைத் துடைத்தால்" என்று போட்டேன். கம்பெனி வேலையாக இருந்தால் முந்தானையைச் சேர்க்க எனக்கு உரிமையில்லை, மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததாகத் திருப்பி அனுப்புவார்கள். வீட்டுக்கு எழுதித் தருகிற தாளில் அதைச் சேர்க்காவிட்டால் அக்கா அந்த வரியை நீச்சல்குளம் போகிறவர்களுக்கானது என்று நினைத்துத் தாண்டிப் போவார். நீந்துவதை நான் எடுத்தே விட்டேன்.

தாராளமாக என்ற சொல்லும் இப்படித்தான். எவ்வளவு தாராளம்? அட்டை சொல்லவில்லை. அக்கா பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்து விடுகிறார், ஃபேஸ்க்ரீம் பூசுகிற பழக்கம். சோதனையில் பூசுகிற கனத்தை முகத்துக்கும் கழுத்துக்கும் கணக்குப் போட்டால் ஒருதடவைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் அடியிலிருந்து நுனி வரை நீளமாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு, தோல் டாக்டர்கள் பலரும் சொல்கிற அளவும் இதுதான். அப்படிப் பூசினால் 50 கிராம் ட்யூப் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வீதம் மூன்று வாரம் வந்தாலே பெரிது. அக்காவின் ட்யூப் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் கால்வாசி பாக்கி. யாராவது சன்ஸ்க்ரீன் வேலை செய்யவில்லை என்று சொன்னால் நான் இப்போது முதலில் கேட்பது ட்யூப் எப்போது வாங்கியது என்றுதான். பூச்சு பாதியானால் 50 என்ற எண் 25-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும், பட்டாணி அளவில் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கைப் பகுதி சின்னது. வெளிப்பூச்சுக்கு மட்டும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்பதெல்லாம் நேராக எழுதிவிடலாம். புண், வெடிப்பு, சிராய்ப்பு, எரிச்சல் உள்ள தோலில் பூச வேண்டாம். சிவந்தாலோ எரிந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவும். இந்தக் கடைசி வரியில் ஆங்கிலம் "நிறுத்து" என்கிறது, "குறைத்துக்கொள்" என்று சொல்லவில்லை. தமிழில் மரியாதையாக எழுதுகிறேன் பேர்வழி என்று "பயன்பாட்டைத் தவிர்ப்பது நல்லது" என்று பலர் எழுதுகிறார்கள், அது ஆலோசனை மாதிரி ஆகிவிடுகிறது. "உடனே கழுவுங்கள், மறுபடி பூசாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்" என்று எழுதினேன். பூசுமுன் சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கவும் என்று இருந்தது, எங்கே என்று இல்லை, எவ்வளவு நேரம் என்றும் இல்லை. முழங்கையின் உட்பக்கம், ஒரு நாள் விட்டுப் பார்க்கவும் என்று நான் சேர்த்து, அது அட்டையில் இல்லாதது என்று தெரிகிற மாதிரி கீழே தனியாகக் கோடு போட்டு எழுதினேன். உட்பொருள் பட்டியலில் அவோபென்சோன், ஆக்டோக்ரைலீன் மாதிரியான பெயர்களை உச்சரிப்பு மாறாமல் அப்படியே எழுத்தில் கொண்டுவந்தேன். பின்னால் அலர்ஜி வந்தால் டாக்டர் கேட்பது இந்தப் பெயர்களைத்தான், அதில் தமிழ்ப்பற்றைக் காட்ட இடமில்லை.

தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது என்று பெருமையாக ஒரு வரி இருந்தது. அதை எழுதவே இல்லை. என்ன சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று அந்த வரி சொல்வதில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. முதல் போட்டோவின் ஓரத்தில் இன்னொரு ட்யூபின் கால்வாசி தெரிந்தது, அதில் ஒரு சிவப்புக் கட்டமும், 0.1% என்ற எண்ணும். சிவப்புக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. "அது என்னம்மா" என்று கேட்டேன். "அது நைட்டு பூசுறது அண்ணா, பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க, மெடிக்கல்ல கேட்டா கொடுத்தாங்க, மொதல்ல நல்லா வெளுத்துச்சு." அதையும் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டாசோன் 0.1%. மங்குக்கு டாக்டர்கள் எழுதுகிற மூன்று மருந்துக் களிம்புதான், கெட்ட மருந்து என்று சொல்ல முடியாது. டாக்டர் கணக்காகச் சில வாரத்துக்குக் கொடுத்து நிறுத்துவார். நடுவில் இருக்கிற ட்ரெட்டினாயின் தோலை வெயிலுக்கு இளக்கிவிடும், அதனால்தான் இரவில் மட்டும் பூசச் சொல்வது, பகலில் சன்ஸ்க்ரீன் கட்டாயம் என்பதும் அதனால்தான். கடைசியில் இருக்கிற மொமெட்டாசோன் ஸ்டீராய்டு. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சின்ன ரத்தக்குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரிய ஆரம்பித்து, பருவும் பூனைமுடியும் வரும். ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் விடாமல் பூசினால் சிலருக்குக் கருநீலமாகக் கறுப்பு தோலின் ஆழத்தில் படிந்துவிடும், அதை எடுப்பது மங்கை எடுப்பதைவிடக் கஷ்டம். ஆக அக்காவின் நிலைமை இது: இரவில் தோலை வெயிலுக்கு இளக்குகிற களிம்பு, பகலில் வெயில் வருமுன்னே அழிந்துபோன சன்ஸ்க்ரீன்.

அந்தச் சிவப்புக் கட்டத்தில் இருக்கிற வரி, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக்கூடாது என்பது. அட்டவணை எச் மருந்துகள் எல்லாவற்றிலும் இது இருக்கும், முகத்தில் பூசுகிற பல ஸ்டீராய்டு களிம்புகளையும் 2018-ல் இதற்குள் கொண்டுவந்தார்கள். அந்த வரி கடைக்காரருக்குச் சொன்னது. கடைக்காரர் அதை மதிக்காதபோது, வாங்குகிறவருக்கு அதில் படிக்க என்ன இருக்கிறது? நான் தாளில் இப்படி எழுதினேன்: "இது அழகு க்ரீம் இல்லை, மருந்து. ஸ்டீராய்டு கலந்தது. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும், அவர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும், இரவில் மட்டும்." ட்யூபில் எவ்வளவு நாள் என்று எந்த வரியும் இல்லை. அது உள்ளே வைத்திருந்த காகிதத்தில் இருந்திருக்கும், அந்த அட்டைப்பெட்டியும் காகிதமும் வாங்கிய அன்றே குப்பைக்குப் போய்விட்டன. ட்யூபை மட்டும் படமெடுத்து மொழிபெயர்க்கக் கேட்டால் இந்த இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

இங்கே நான் "உடனே நிறுத்துங்கள்" என்று எழுதவில்லை. சன்ஸ்க்ரீனில் எரிச்சல் வந்தால் நிறுத்து என்பது சரி. ஸ்டீராய்டை முகத்தில் நாளாகப் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்து, மங்கும் பழையபடி வேகமாகத் திரும்பலாம், அப்புறம் பயந்துபோய் மறுபடி அதையே பூசுவார். அதை எப்படி இறக்குவது என்பது டாக்டர் முடிவு. "இந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள், அதுவரை புது ட்யூப் வாங்காதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்" என்று எழுதி, மாசமாக இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். பக்கத்து வீட்டக்காவின் மருமகள் அப்போது மாசமாக இருந்தார்.

சன்ஸ்க்ரீனுக்கு நான் கடைசியில் கொடுத்த தாளில் தினமும் பார்க்கவேண்டிய பகுதி இவ்வளவுதான், பெரிய எழுத்தில்: "முகத்தில் வெயில் விழுவதற்கு 20 நிமிடம் முன்பு இரண்டு விரல் நீளம் எடுத்து முகம், கழுத்து முழுக்கச் சீராகப் பூசவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை மறுபடி பூசவும். வியர்த்து முகத்தைத் துண்டாலோ முந்தானையாலோ துடைத்தால் இரண்டு மணி நேரம் ஆகாவிட்டாலும் பூசவும். கண்ணுக்குள் போகவிடாதீர்கள், புண் மேலும் வெடிப்பு மேலும் பூசாதீர்கள். எரிந்தாலோ சிவந்தாலோ உடனே கழுவுங்கள், மறுபடி பூசாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். 30 டிகிரிக்குக் கீழே வெயில் படாத இடத்தில் வைக்கவும்." 30 டிகிரி வரியைப் படித்துவிட்டு அக்கா சிரித்தார். தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தில் 30 டிகிரிக்கு எங்கே போவது? தரையோடு ஒட்டி, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன், பூக்கடைக்கு எடுத்துப் போனால் ஈரச்சாக்குக்குள் வைத்துக்கொள்ளலாம். க்ரீம் தண்ணீராகவும் எண்ணெயாகவும் பிரிந்து வந்தால் தேதி இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இரண்டு விரல் அளவும் இரண்டு மணி நேரமும் செலவு பிடிக்கிற விஷயம், அதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனமில்லை. அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். விடிகாலையில் பூசுவதை விட்டுவிட்டு, எட்டரை மணிக்கு முகம் கழுவி முதல் பூச்சு, பத்தரை வாக்கில் இரண்டாவது, அப்புறம் கடைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயைத் தெற்குப் பக்கம் இன்னும் இறக்கிக் கட்டி, பன்னிரண்டு மணிக்குமேல் நிழலில். முழுசாக லேபிள்படி இல்லைதான். ஆனால் வெயில் இருக்கிற நேரத்தில் க்ரீம் முகத்தில் இருக்கிறது.

டாக்டர் இரவுக் களிம்பைப் படிப்படியாக இறக்கினார், சன்ஸ்க்ரீனையும் மாற்றினார், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துக்கு ஒத்த சாயமுள்ள ஒன்றுக்கு. மங்கைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. எஸ்பிஎஃப்பும் சரி, பிஏவும் சரி, அதை அளப்பதில்லை. முன்பக்கத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் இது தெரியாது, பின்பக்க உட்பொருள் பட்டியலில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்றுதான் தேடிப் பார்க்கவேண்டும். சில மாதத்தில் மங்கு வெளிறியது, மேலுதட்டில் மட்டும் பாக்கி இருக்கிறது.

புது ட்யூப் போட்டோவும் எனக்கு வந்தது, இந்தத் தடவை சொல்லாமலே மூன்று பக்கமும் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கூடவே அக்காவின் குரலில் ஒரு செய்தி: "தம்பி, போன தடவ அம்பது, இதுல முப்பதுதான் போட்டிருக்கு. அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டானா?" சிவக்க வைக்கிற கதிரில் 30 என்பது நூற்றுக்கு 97-ஐத் தடுக்கும், 50 என்பது 98-ஐ, அளவாகப் பூசினால் வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டும் ஒரே விலை, அப்ப அம்பதுதானே லாபம் என்றார். அடுத்த தடவை ஆஸ்பத்திரி போகும்போது டாக்டரிடமே கேட்டு, சாயமுள்ளதிலேயே ஐம்பது இருந்தால் எழுதி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.